பிரம்மாண்டம் வேறு, கைவேலை வேறு: சரித்திரப் படம் சிபாரிசு செய்கிறவர்களுக்கு ஒரு டீச்சரின் கண்டனம்



போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பொறுமையாக இருந்தேன். முடியவில்லை. எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். என் தங்கை பேத்தி ப்ளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு சினிமாவில் நடிகர் யார், பாட்டு எது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள், பின்னால் சுவர் எப்படி இருக்கிறது, விளக்கு எங்கே தொங்குகிறது என்றுதான் பார்ப்பாள். ஆடை வடிவமைப்பு, இல்லையென்றால் கலை இயக்கம் படிக்க வேண்டும் என்கிறாள். வீட்டில் ஒரு வருடம்தான் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நுழைவுத் தேர்வில் இடம் கிடைத்தால் சரி, இல்லையென்றால் அப்பா சொல்லும் படிப்பு. அவள் குழுவில், “நான் பார்க்க வேண்டிய சரித்திரப் படங்களைச் சொல்லுங்கள்” என்று கேட்டாள். அரை மணி நேரத்தில் இருபத்தேழு பதில்! எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை: பிரம்மாண்டம். “செட்டுக்கே கோடிக்கணக்கில் செலவு பாப்பா”, “நகையெல்லாம் ஒரிஜினல் பாப்பா”, “யானை மட்டும் அத்தனை பாப்பா.”

ஒரே ஒரு ஆள் கூட, “அந்தத் துணி அந்தக் காலத்துத் துணியா? அந்தக் கூரை நிற்குமா?” என்று கேட்கவில்லை. வேலையைக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்கு நீங்கள் விலைப்பட்டியலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

மறுநாள் அவள் தன் படநோட்டை என்னிடம் காட்டினாள். கை அருமையான கை. ஒரு பக்கத்தில் குந்தவை மாடத்தில் நிற்கிறாள். மேலே குவிமாடம். இரண்டு பக்கமும் இதழ் இதழாக வெட்டிய வளைவு வாசல். கீழே, “சோழர் அரண்மனை, நம்ம ஊர்” என்று எழுதியிருந்தாள். ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறினால் சோழர் அரண்மனை இருந்த மண்ணையே மிதித்துவிடலாம். அந்தப் பிள்ளை வரைந்திருப்பது மத்தியப் பிரதேசத்து அரண்மனை!

அவளைக் குறை சொல்ல மாட்டேன். முதல் குற்றவாளி நான்தான். பணியில் இருந்த காலம் முழுக்க ஆண்டு விழாவில் ராஜேந்திர சோழன் நாடகம் போட்டவள் நான். திருச்சியில் ஒரு நாடக டிரஸ் வாடகைக் கடையிலிருந்து சிவப்பு வெல்வெட் கோட்டு, ஜிகினா ஒட்டிய மார்புக் கவசம், அட்டைக் கிரீடம், நரிவால் மாதிரி மீசை எல்லாம் மூட்டையாக வரும். இதைப் படிக்கிற உங்களில் நாலு பேராவது அந்தக் கோட்டுக்குள் வியர்த்து விறுவிறுத்து வசனம் பேசியிருக்கிறீர்கள். ஒரு வருடம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “டீச்சர், கோயில்ல இருக்கிற ராஜா சட்டையே போடலியே, நான் மட்டும் ஏன் டீச்சர் கோட்டு போடணும்?” நான் அவனிடம், “சும்மா இருடா, நாடகம்னா அப்படித்தான்” என்றேன். அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. நான் சொன்னது சோம்பேறித்தனம். இன்றைக்கு அந்தப் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்.

அந்த வெல்வெட் எங்கிருந்து வந்தது? சோழர்களிடமிருந்து வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்சி நாடகக் குழுக்கள் ஊர் ஊராக வந்தபோது எழுதிய திரைச்சீலையும் வெல்வெட்டும் ஜிகினாவும் கூடவே வந்தன. கியாஸ் லைட் வெளிச்சத்தில் கடைசி பெஞ்சுக்காரனுக்கும் ராஜா மின்ன வேண்டும், அதற்காகச் செய்த உடை அது. நம் நாடகக் கம்பெனிகள் அதை எடுத்துக்கொண்டன, நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்தது. மேடைக்கு அது நியாயம். ஆனால் காமிரா முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் வந்து நிற்கிறது. அங்கேயும் அதே ஜிகினாவை ஒட்டினால் அது பழக்கதோஷம், வேறொன்றுமில்லை.

இப்போது எல்லோருக்கும் பிரியமான ‘பொன்னியின் செல்வன்’ படத்துக்கே வருகிறேன். 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக வந்த மணிரத்னம் படம். கலை இயக்கம் தோட்டா தரணி, ஆடை ஏகா லக்கானி. உடனே சண்டைக்கு வராதீர்கள். வெல்வெட் காலத்திலிருந்து நம்மை வெகுதூரம் நகர்த்திய படம் அது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தைத்த கோட்டை விட்டுவிட்டு, துணியை உடம்பில் சுற்றி, மடித்து, முடிந்து உடுத்தும் முறைக்குப் போயிருக்கிறார்கள். கொண்டைகளைச் செப்புத் திருமேனிகளைப் பார்த்துப் போட்ட மாதிரி இருக்கிறது. இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் அந்த அரண்மனைகள்! படத்தின் பகுதிகளை மத்தியப் பிரதேசத்தில் ஓர்ச்சா, குவாலியர், மகேஷ்வர் ஆகிய ஊர்களில் எடுத்தார்கள். ஓர்ச்சாவின் ஜஹாங்கீர் மஹால் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புந்தேல மன்னர் கட்டியது. கதை நடப்பது பத்தாம் நூற்றாண்டில். நடுவில் அறுநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. கதையில் வரும் பழுவேட்டரையர் யார்? நம் அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூர், மேலப்பழுவூர்க்காரர். அவர்கள் எடுத்த இரட்டைக் கோயில் கீழையூரில் இன்றைக்கும் நிற்கிறது. அந்த ஊர்க்காரரின் காலத்துக்குப் புந்தேலக் குவிமாடத்தைக் கொண்டுவந்து கவிழ்க்கலாமா?

“அதெல்லாம் யாருக்கம்மா தெரியும், சோழர் அரண்மனை எதுவும் மிச்சம் இல்லையே, கற்பனைதானே” என்று தங்கை மகன் எழுதினான். தம்பி, மிச்சம் இருக்கிறது. கங்கைகொண்டசோழபுரம் கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போல் போனால் மாளிகைமேடு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களில் அங்கே தோண்டியது, 2021-லிருந்து மறுபடியும் தோண்டியது. என்ன கிடைத்தது? தடித்த செங்கல் சுவர்கள். மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடிகள. கூரை ஓடுகள். அந்த ஓடுகளைப் பிடித்த இரும்பு ஆணிகள். சீன நாட்டுப் பாண்டத் துண்டுகள்.

இந்த ஐந்தையும் ஒரு கலை இயக்குநரின் கண்ணோடு அடுக்கிப் பாருங்கள், அரண்மனை தானாக எழுந்து நிற்கும். கருங்கல் அடி இருந்தால் மேலே மரத்தூண். மரத்தூண் இருந்தால் மேலே உத்தரமும் குறுக்கு விட்டமும். ஓடும் ஆணியும் இருந்தால் சரிந்த கூரை. சரிந்த கூரை என்றால் நீண்ட இறவாணம், அதற்குக் கீழே நிழல், அதனால் கூடத்துக்குள் வெளிச்சம் மேலிருந்து வராது, பக்கத்திலிருந்தும் முற்றத்திலிருந்தும்தான் வரும். சுவர் செங்கல் என்றால் சுண்ணாம்புப் பூச்சும் அதன்மேல் வண்ணமும் வந்திருக்க இடம் உண்டு. மேசையில் சீனப் பாண்டம் வைக்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது. இது கதை நடந்த காலத்துக்கு ஐம்பது ஆண்டு பிந்தைய தலைநகர்தான், ஆனாலும் அறுநூறு ஆண்டு பிந்தைய ஓர்ச்சாவைவிட எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது! கற்பனை இங்கிருந்து கிளம்பட்டும், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பறக்கட்டும். கிளம்புகிற இடம் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஒரு பிள்ளை கேட்கும்: “டீச்சர், கங்கைகொண்டசோழபுரம் கோயிலிலேயே வளைவு இருக்கிறதே, உச்சியும் உருண்டையாக இருக்கிறதே?” நல்ல கேள்வி. கூரை விளிம்பில் குதிரை லாடம் மாதிரி வரிசையாக இருப்பவை ‘கூடு’. அவை அலங்காரம், ஒரு செங்கல் பாரத்தையும் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது நேர்த்தூணும் அதன்மேல் படுத்திருக்கும் உத்தரக் கல்லும்தான். வாசலுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள், தட்டையாக இருக்கும். உருண்டை உச்சி கருவறைக்கு மேலே விமானத்தின் சிகரம். மக்கள் நடமாடும் கூடத்துக்கு மேல் கவிழ்த்த குவிமாடம் அல்ல அது. பாரம் தாங்கும் வளைவைப் பார்க்க வேண்டும் என்றால் பெரம்பலூர்ப் பக்கம் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போங்கள். அது பதினேழாம் நூற்றாண்டு, நவாப் காலத்துக் கோட்டை. அங்கே வளைவு நியாயம். முன்பு ஒரே மாவட்டமாக இருந்த நம் மண்ணிலேயே இரண்டு பாடமும் இருக்கிறது. ஒரு நாள் பஸ் செலவுதான். இது தெரியாமல் நாம் பிள்ளைக்குப் படப் பட்டியல் கொடுக்கிறோம்.

துணி விஷயத்திலும் இதே கதைதான். சோழர் உடைக்கு ஆதாரம் இல்லை என்று சொல்வது வீண் பேச்சு. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. பிற்கால ஓவியத்துக்கு அடியில் மறைந்து கிடந்தவற்றை 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதில் ராஜராஜன் என்று பலரும் சொல்லும் உருவத்தைப் பாருங்கள். வெற்று மேனி, தூக்கிக் கட்டிய கொண்டை. கிரீடமும் கோட்டும் இல்லை. நம் கங்கைகொண்டசோழபுரத்திலேயே சிவபெருமான் சண்டேசருக்குப் பூமாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. இடுப்புத் துணியின் மடிப்பு ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கல்லில் எண்ணலாம். நகைக்கோ இன்னும் வசதி. தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் ஒவ்வொரு நகையின் பெயர், கழஞ்சுக் கணக்கில் எடை, எத்தனை முத்து, எத்தனை வயிரம் என்று பொற்கொல்லர் பட்டியல் மாதிரியே வெட்டியிருக்கிறார்கள்.

சிலைகளில் உள்ளபடியே பெண்களை இன்றைய திரையில் காட்ட முடியாது. அதனால் கச்சும் மேலாடையும் சேர்க்கிறார்கள். அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன், அது தெரிந்தே செய்யும் சமரசம். தெரியாமல் நடக்கும் பிழைகளைத்தான் பிடிக்க வேண்டும். உதாரணத்துக்கு நிறம். பளீரென்ற ஊதாவும் கத்தரிப்பூ நிறமும் எல்லோருக்கும் கிடைத்தது 1856-ல் செயற்கைச் சாயம் வந்த பிறகுதான். அதற்கு முன் அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு, மஞ்சள், இவற்றைக் கலந்து பெற்றவை. தாவரச் சாயத்திலும் ஆழமான நிறம் வரும். ஆனால் ஒரு முழத்துக்கும் அடுத்த முழத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், துவைக்கத் துவைக்க மடிப்பின் விளிம்பில் வெளுக்கும். படத்தில் ஒரு கூட்டம் முழுக்க ஒரே டப்பாவில் முக்கியெடுத்த மாதிரி இருந்தால் அது ஆலைச் சாயம். நகையிலும் அப்படித்தான். பட்டை தீட்டிய கல் அசையும்போது ஊசி ஊசியாக மின்னும். அந்தக் காலத்து மழுங்கல் கல் எண்ணெய் விளக்கில் உள்ளிருந்து கனிந்த மாதிரி இருக்கும். கழுத்தில் டியூப்லைட் எரிந்தால் சந்தேகப்படுங்கள்.

“அப்ப எதைத்தான் பார்க்கச் சொல்றீங்க பெரியம்மா?” என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ராஜா படத்தில் ஆரம்பிக்காதீர்கள் என்பதுதான் என் முதல் சிபாரிசு.

முதலில் ‘காஞ்சிவரம்’. பிரியதர்ஷன் படம். சுதந்திரத்துக்கு முந்தைய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளி, மகள் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டி அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கூலிக்கு நெய்யும் இடத்திலிருந்து வாயில் ஒளித்துப் பட்டு நூல் கொண்டுவருகிறான். இந்தப் படத்தில் ஆடைதான் கதை. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிறவன் உடம்பில் என்ன துணி என்று பாருங்கள். முரட்டுப் பருத்தி, வேலை செய்கிற இடத்தில் நைந்திருக்கும். வீட்டுக்குள் அந்த இருட்டில் ஒளித்து வைத்த தறியில் மட்டும் நிறம். ஆடை அமைப்பாளரும் கலை இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் சேர்ந்து, படம் முழுக்க நிறத்தைப் பதுக்கி வைத்து, அந்த ஒரு சேலைக்காக மட்டும் செலவு செய்கிறார்கள். கடைசிக் காட்சியில் அந்தத் துணி நீளம் போதாமல் போவது என்ன பாடு படுத்துகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடி ரூபாய் செட்டு ஒன்றும் அந்த ஒரு முழத் துணிக்கு ஈடாகாது. ஜெயங்கொண்டம் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறீர்கள், தறிக்குழியும் வீட்டு இருட்டும் சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது ‘பரதேசி’. 2013-ல் வந்த பாலா படம், தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகப்பட்ட கூலி மக்களின் கதை. ஆடைக்காகப் பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது. பட்டு இல்லை, சரிகை இல்லை, தங்கம் இல்லை. கோணி மாதிரித் தடித்த, நிறம் செத்த துணி. அதற்குத்தான் விருது! புதுத்துணியை நெய்துவிடலாம். பழந்துணியை உண்டாக்குவதுதான் கஷ்டம். எங்கே கிழியும்? கூடை சுமக்கும் தோளில், குத்துக்காலிட்டு உட்காரும் பின்பக்கத்தில், முந்தானையால் முகம் துடைக்கும் மூலையில். அழுக்கும் அப்படித்தான், முழங்காலுக்குக் கீழே மண், கழுத்தில் வியர்வை. உடம்பு முழுக்க ஒரே மாதிரி செம்மண் தெளித்திருந்தால் அது ஸ்பிரே. வேலையின் தடம் வேலை செய்கிற இடத்தில் இருக்க வேண்டும். கந்தலைச் சரியாகச் செய்யத் தெரிந்தவரைத்தான் நான் நம்பி ராஜாவுக்கு உடை தைக்கக் கொடுப்பேன்.

இந்த இரண்டையும் பார்த்த பிறகு, கங்கைகொண்டசோழபுரத்துக்கும் மாளிகைமேட்டுக்கும் நோட்டோடு ஒரு நாள் போய்விட்டு வந்து, மூன்றாவதாக ‘பொன்னியின் செல்வன்’ பார்க்கட்டும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கட்டும். இசை நின்றால் பிரம்மாண்டம் பாதி போய்விடும், வேலை மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு காட்சியிலும் மூன்று கேள்வி போதும். இந்தத் துணியைக் கட்டியவள் உட்கார்ந்து எழுந்தால் மடிப்பு என்ன ஆகும்? இந்தக் கூரையை எது தாங்குகிறது? இந்தப் பொருளை நேற்று யார் தொட்டார்கள்? பதில் கிடைக்கிற காட்சியில் கலைஞருக்கு ஒரு கும்பிடு போடட்டும். கிடைக்காத காட்சியை நோட்டில் திருத்தி வரையட்டும். அதுதான் படிப்பு.

“படம் பார்க்கப் போனா ரசிக்கணும் டீச்சர், பரீட்சை பேப்பர் திருத்தக் கூடாது” என்று சில பேர் சொல்வீர்கள். நீங்கள் தாராளமாக ரசியுங்கள், நானும் விசிலடிக்காத குறையாகத்தான் பார்த்தேன். ஆனால் இந்தப் பிள்ளை நாளைக்கு அந்த வேலையைச் செய்யப் போகிறவள். தச்சர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தல்காலைத் தட்டித்தான் பார்ப்பார். அவருக்கு அதுவும் ரசனைதான்.

நேற்று அவளை மாளிகைமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மணி நேரம் செங்கல் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “பெரியாத்தா, இங்க குவிமாடம் நிக்காதுல்ல?” என்றாள். நோட்டைத் திறந்து குந்தவையை அப்படியே விட்டுவிட்டு, மேலே இருந்த வளைவை அழித்தாள். இரண்டு மரத்தூண், ஒரு உத்தரம், ஓட்டுக் கூரை. குந்தவையின் முகத்தில் இப்போது பாதி நிழல் விழுந்தது. படம் முன்னைவிட அழகாகிவிட்டது. பொய்யை எடுத்ததும் வெளிச்சம் தானாகச் சரியானதை நான் கண்ணால் பார்த்தேன்.

அவள் அப்பாவுக்கு ஒரு வார்த்தை: மாப்பிள்ளை, ஒரு வருடம் என்று கெடு வைத்தீர்கள், சரி. அந்த வருடத்தில் அவளுக்குப் பிரம்மாண்டம் அனுப்பாதீர்கள். பஸ் காசு கொடுங்கள்.

கோட்டு ஏன் போடணும் என்று கேட்ட அந்த ஐந்தாம் வகுப்புப் பையன் இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுதப்பா. நீ கேட்டது சரி. டீச்சர் சொன்னது தப்பு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்